வீட்டுப்பாடத்தில் முழு மதிப்பெண், தேர்வில் 9: எந்தச் செயலியை நம்புவது?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். கணக்கு வீட்டுப்பாடத்தில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிறாள். ஆனால் கடந்த இரண்டு வகுப்புத் தேர்வுகளில் 25க்கு 11, 9 என்று வந்திருக்கிறது. கணக்கைப் படம் பிடித்தால் தீர்வு காட்டும் செயலி, வீடியோ பாடமும் பயிற்சியும் உள்ள செயலி, மாணவர்கள் ஒருவருக்கொருவர் விடை சொல்லிக்கொள்ளும் செயலி என மூன்றை அவள் பயன்படுத்துகிறாள். பயிற்சிச் செயலியிலிருந்து வாரந்தோறும் எனக்கு அறிக்கை வருகிறது. போன வாரம் 4 மணி 10 நிமிடம், 92 சதவீதம் சரி என்று இருந்தது. என் கணவர், எல்லாவற்றையும் நீக்கிவிடு என்கிறார். ஒருவருக்கு ஒருவர் நேரடியாகக் கற்பிக்கும் இணைய வகுப்பு நிறுவனம் ஒன்று, வெள்ளிக்கிழமைக்குள் ஓராண்டுச் சந்தா கட்டினால் தள்ளுபடி என்கிறது. நேரடி ஆசிரியர்தானே எல்லாவற்றையும்விடச் சிறந்தது? மாலையில் நான் வேலையில் இருப்பேன், அல்ஜீப்ராவும் மறந்துபோய்விட்டது. என்னால் எப்படிக் கண்காணிக்க முடியும்? அவளது நோட்டு, தேர்வுத் தாள் இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே வகைக் கணக்கு வந்திருப்பது நம் நல்ல காலம். நோட்டில் இருப்பது 4(x − 3) − 3(x − 2) = 5. விடை 11 என்று சரியாக இருக்கிறது. அடித்தல் இல்லை, அழித்தல் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘ஒத்த உறுப்புகளைச் சேர்க்கவும்’, ‘மாறிலியை வலப்புறம் நகர்த்தி அதன் குறியை மாற்றவும்’ என்று விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. 12 வயதுப் பிள்ளை தானாக யோசித்துக் கணக்குப் போடும்போது இப்படி எழுதுவது அரிது. திரையில் இருந்ததை அவள் பார்த்து எழுதியிருக்கிறாள் என்றே நினைக்கிறேன்.

தேர்வுத் தாளில் இருப்பது 3(x − 4) − 2(x − 5) = 7. இங்கே தாள் கிழியும் அளவுக்கு அழித்து அழித்து எழுதியிருக்கிறாள். கடைசியில் நிற்பது இது:

3x − 12 − 2x − 10 = 7
x − 22 = 7
x = 29

முதல் வரியின் கடைசி உறுப்பு + 10 என்று இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு குறியைத் தவிர மற்ற எல்லாமே சரி. அடைப்புக்குறியைப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, ஒத்த உறுப்புகளைச் சேர்க்கத் தெரிந்திருக்கிறது, எண்ணை மறுபுறம் கொண்டுபோகவும் தெரிந்திருக்கிறது. தாளில் தவறாக இருக்கும் ஐந்து கணக்குகளில் நான்கு, கழித்தல் குறிக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறியில்தான் விழுந்திருக்கின்றன. ஆகவே, உங்கள் மகளுக்குக் கணக்கு வரவில்லை என்ற முடிவுக்கு நீங்கள் வந்திருந்தால் அதை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். அவளிடம் ஒரே ஒரு தவறு வேரோடி இருக்கிறது. மூன்று செயலிகள் இருந்தும், பல வாரங்களாக அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஏன் படவில்லை என்று பார்த்தாலே எந்தச் செயலி எதற்கு உதவும் என்பது விளங்கிவிடும்.

அந்த 29ஐ யார் பார்க்கிறார்கள்?

படம் பிடித்துத் தீர்வு காட்டும் செயலியை எடுத்துக்கொள்வோம். ஃபோட்டோமேத் இந்த வகையில் பலரும் அறிந்தது. கேமராவைக் கணக்கின் மேல் காட்டினால் விடையோடு படிகளையும் வரிசையாகத் தருகிறது. படிகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், விளக்கமும் மோசமில்லை. ஆனால் உங்கள் மகள் போட்ட 29ஐ அது பார்ப்பதே இல்லை. அவள் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே சரியான விடை 9 என்று சொல்லிவிடுகிறது. − 2(x − 5) என்பது − 2x + 10 ஆக மாறும் வரியை அவள் படிக்கிறாள், ‘ஆமாம், சரிதானே’ என்று மனம் ஒப்புக்கொள்கிறது, கை எழுதிவிடுகிறது. சரியான படியைப் பார்த்து ஒப்புக்கொள்வது வேறு, வெற்றுத் தாளில் அதே படியைத் தானாகக் கொண்டுவருவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் உங்கள் வீட்டில் வீட்டுப்பாடத்தின் முழு மதிப்பெண்ணுக்கும் தேர்வின் 9 மதிப்பெண்ணுக்கும் உள்ள தூரம்.

பயிற்சிச் செயலி இதைவிட ஒரு படி மேல். அவள் 29 என்று இட்டால் ‘தவறு’ என்று உடனே சொல்லும். ஆனால் எந்த வரியில் தவறினாள் என்பது பெரும்பாலான செயலிகளுக்குத் தெரியாது, ஏனென்றால் விடைப் பெட்டியை மட்டுமே அவை பார்க்கின்றன. அதற்குப் பிறகு ‘குறிப்பு’ பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு படியாகக் காட்டி, கடைசிக் குறிப்பில் விடையே வந்துவிடும். பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரயன் பேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். கணினிப் பாடத்தின்போது பக்கத்துப் பிள்ளையோடு பேசி நேரத்தை வீணாக்கியவர்களைவிட, குறிப்புகளை மளமளவென்று தட்டிக் கடைசி விடைக்குப் போனவர்களிடம்தான் கற்றல் குறைவு தெளிவாகத் தெரிந்தது. கவனம் சிதறாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று நாம் எண்ணுவது எப்போதும் சரியல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது வகை, ஒவ்வொரு வரியையும் உள்ளிடச் சொல்லி அந்த வரியிலேயே தவறைச் சுட்டிக்காட்டும் மென்பொருள். இது வீடுகளில் அரிதாகவே இருக்கிறது. பள்ளிகள் வழியாகத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. நான்காவது, நேரடி ஆசிரியர். கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்து இவற்றை ஒப்பிட்டார். எந்தத் துணையும் இல்லாமல் படித்தவர்களோடு ஒப்பிடும்போது, மனித ஆசிரியரின் ஒருவருக்கு ஒருவர் கற்பித்தல், மதிப்பெண்களின் பரவலைக் காட்டும் திட்ட விலக்கம் என்ற அளவில் 0.79 முன்னேற்றம் தந்தது. படிப்படியாகச் சரிபார்க்கும் மென்பொருள் 0.76 தந்தது. கடைசி விடையை மட்டும் சரிபார்க்கும் மென்பொருளோ 0.31 மட்டுமே. எனவே, மனிதரா இயந்திரமா என்பதைவிட முக்கியமான வேறு ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளை எழுதுகிற ஒவ்வொரு வரியையும் யாராவது பார்த்து, தவறிய இடத்தில் நிறுத்துகிறார்களா? நேரடி ஆசிரியரும் இதைச் செய்யாவிட்டால், அவர் விலை கூடிய வீடியோ பாடம்தான்.

மாணவர்கள் ஒருவருக்கொருவர் விடை சொல்லும் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரெயின்லி போன்றவற்றில் சில விடைகள் நிபுணர்களால் சரிபார்க்கப்பட்டவை என்ற அடையாளத்தோடு வருகின்றன, மற்றவை யாரோ ஒரு மாணவர் எழுதியவை. வரலாறு, அறிவியல் போன்ற பாடங்களில் ஒரு தகவலைத் தேட உதவலாம். உங்கள் மகளின் குறி மாற்றத் தவறை அங்கே யாரும் கண்டுபிடித்துச் சொல்லப்போவதில்லை. இப்போதைக்கு அதை எடுத்துவிடலாம்.

92 சதவீதத்துக்கு என்ன பொருள்?

வாராந்திர அறிக்கையை நம்பியதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பச்சை நிறத்தில் எண்களைப் பார்த்தால் யாருக்கும் நிம்மதி வரும். ஆனால் அந்த எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். குறிப்பைப் பார்த்த பிறகு இட்ட விடையும் ‘சரி’ என்று எண்ணப்படுகிறதா? இரண்டாம் முயற்சியில் வந்த விடை சேர்கிறதா? ஒரே வகைக் கணக்கு பத்து அடுத்தடுத்து வந்ததா, வேறு வேறு வகைகள் கலந்து வந்தனவா? ஒரே வகை தொடர்ந்து வரும்போது முதல் கணக்கில் கண்ட வழியை மற்ற ஒன்பதிலும் நகலெடுத்துவிடலாம். தேர்விலோ எந்த வழி என்பதையே பிள்ளைதான் முடிவுசெய்ய வேண்டும்.

கான் அகாடமியை இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். லாப நோக்கற்ற அமைப்பு, கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். பெற்றோர் தனிக் கணக்குத் தொடங்கிப் பிள்ளையின் கணக்கோடு இணைத்துக்கொள்ளவும் முடியும். அதன் பயிற்சிகளில் குறிப்பைத் திறந்துவிட்டால் அந்தக் கேள்வி சரியாகச் செய்ததாக எண்ணப்படுவதில்லை. ஒரு திறனுக்கான பயிற்சியைத் தவறில்லாமல் முடித்தாலும் Proficient என்ற நிலை வரைதான் போக முடியும். Mastered என்ற அடுத்த நிலைக்கு, பல திறன்கள் கலந்து வரும் அலகுத் தேர்விலோ பாடத்தேர்விலோ அதே திறனை மறுபடி சரியாகச் செய்ய வேண்டும். அங்கே தவறினால் நிலை கீழிறங்கவும் செய்யும். ஆகவே, அந்தப் பக்கத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது நிமிடங்களையும் சதவீதத்தையும் அல்ல. அலகுத் தேர்வு எழுதினாளா, எழுதிய பிறகு எந்தத் திறன் சரிந்தது என்பதைத்தான். உங்கள் மகளின் செயலி வேறாக இருந்தாலும், கலப்புத் தேர்வு அதில் இருக்கிறதா, அதன் முடிவு தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த அறிக்கை வருகைப் பதிவேடு போன்றதுதான். உட்கார்ந்திருந்தாள் என்பதை மட்டுமே சொல்லும்.

இன்னொன்றையும் இன்றே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு செயலியிலும் அவள் எந்தப் பிறந்த ஆண்டைக் கொடுத்திருக்கிறாள்? அமெரிக்காவில் 1998இல் நிறைவேறிய சிறுவர் இணைய அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 13 வயதுக்குக் குறைந்தவர்களிடம் தகவல் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். உலகெங்கும் புழங்கும் பல செயலிகள் இதனால்தான் 13 என்ற எல்லையை வைத்திருக்கின்றன. அந்தத் திரையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பிள்ளைகள் ஆண்டை மாற்றிப் போட்டுவிடுவதுண்டு. அப்படிச் செய்துவிட்டால் செயலி அவளைப் பெரியவளாக நடத்தும். பெற்றோர் கணக்கோடு இணைக்கும் வசதி வராமல் போகலாம், அந்நியர்கள் செய்தி அனுப்பும் வழியும் விளம்பரங்களும் திறந்திருக்கலாம். ஆண்டு தவறாக இருந்தால் திட்ட வேண்டாம். அந்தக் கணக்கை மூடிவிட்டு உங்கள் மின்னஞ்சல் மூலம் புதிதாகத் தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் நீக்கிவிட்டால்?

உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு காரணங்களுக்காக அது பலன் தராது. முதலாவது நடைமுறைக் காரணம். படம் பிடித்துத் தீர்வு காட்டும் வசதி இன்று தனிச் செயலியில் மட்டும் இல்லை. கூகுள் லென்ஸ் வழியாகத் தேடல் பெட்டியிலேயே வந்துவிட்டது, உலாவியில் திறக்கும் இணையதளங்களும் இருக்கின்றன. கைப்பேசியில் புதிய செயலியை நிறுவப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று வைக்கலாம், நேர வரம்பும் வைக்கலாம். கூகுளின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் இரண்டிலும் இதற்கு வழி உண்டு. வையுங்கள், நல்லதுதான். ஆனால் நேர வரம்பு நிமிடத்தைத்தான் எண்ணும். ஆறு கணக்குகளைப் பார்த்து எழுத எட்டு நிமிடம் போதும்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. தீர்வைப் பார்த்துப் படிப்பதே தவறு என்று நாம் நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985இல் அல்ஜீப்ரா கற்கும் மாணவர்களிடம் செய்த ஆய்வில், புதிதாகக் கற்பவர்களுக்குத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பது, வெறுமனே கணக்குகளைப் போட்டுக்கொண்டே இருப்பதைவிடக் குறைந்த நேரத்தில் பலன் தந்தது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு தீர்வைப் படித்த உடனே அதைப் போன்ற இன்னொரு கணக்கை மாணவரே போட வேண்டும். உங்கள் மகள் முதல் பாதியைச் செய்கிறாள், இரண்டாம் பாதி விடுபட்டுப் போயிற்று. அந்தப் பாதியைச் சேர்த்துவிட்டால், இப்போது கெடுதல் செய்கிற அதே செயலி உதவத் தொடங்கும்.

அல்ஜீப்ரா மறந்த தாயும் கண்காணிக்கலாம்

உங்களுக்கு அல்ஜீப்ரா தெரிய வேண்டியதில்லை. கூட்டலும் பெருக்கலும் போதும். x = 29 சரியா என்று பார்க்க, x இருக்கும் இடத்தில் 29ஐப் போட்டுப் பாருங்கள். 29 − 4 = 25, அதை 3ஆல் பெருக்கினால் 75. 29 − 5 = 24, அதை 2ஆல் பெருக்கினால் 48. 75இலிருந்து 48ஐக் கழித்தால் 27. வர வேண்டியதோ 7. ஆகவே விடை தவறு. அதே இடத்தில் 9ஐப் போட்டால் 15 − 8 = 7; சரி. இதை அவளே செய்யப் பழகினால், தேர்வு அறையில் தன் விடையைத் தானே பிடித்துவிடுவாள். அங்கே எந்தச் செயலியும் துணைக்கு இருக்காது.

அடுத்த நான்கு வாரங்களுக்கு இப்படிச் செய்து பாருங்கள். வீட்டுப்பாடத்தை முதலில் பேனாவால், ஒரு தனித் தாளில் போடட்டும். பென்சில் வேண்டாம், அழிப்பான் வேண்டாம். தவறினால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். அந்த நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் போட்டு முடித்து, விடைகளைச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்த்த பிறகு, தவறான கணக்குக்கு மட்டும் படம் பிடிக்கும் செயலியைத் திறக்கலாம். செயலியின் வரிகளையும் தன் வரிகளையும் மேலிருந்து ஒப்பிட்டு, முதலில் வேறுபடும் வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். அந்த ஒரு வரிக்கு மட்டும். பிறகு செயலியை மூடிவிட்டு, எண்களை மாற்றிய அதே வகைக் கணக்கு ஒன்றைப் பக்கத்திலேயே போட வேண்டும்.

நீங்கள் இரவில் வந்து பார்க்க வேண்டியது அந்தத் தனித் தாளை மட்டுமே. ஐந்து நிமிடம் போதும். வட்டங்கள் எங்கே விழுந்திருக்கின்றன? ஒரு வாரத்தில் எல்லா வட்டங்களும் ஒரே வகை வரியில் விழுந்தால், அவள் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது என்ன என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தாளில் வட்டமே இல்லை, எல்லாம் முதல் முறையிலேயே சுத்தமாக வந்திருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: “இந்தக் கணக்கில் 5ஐ 6ஆக மாற்றினால் எப்படிப் போடுவாய்? எனக்குக் காட்டு, அம்மா மறந்துவிட்டேன்.” பார்த்து எழுதிய பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடும். நீங்கள் குற்றம் சாட்டவே வேண்டியதில்லை.

இந்த முறைக்கு ஓரளவு ஆய்வுத் துணையும் இருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 43 பள்ளிகளின் ஏழாம் வகுப்பு மாணவர்கள் ஏறக்குறைய 2,850 பேரிடம் அசிஸ்ட்மென்ட்ஸ் என்ற இலவச வீட்டுப்பாட மென்பொருளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2016இல் முடிவு வெளிவந்தது. பிள்ளை விடை இட்ட உடனே சரியா தவறா என்று தெரிந்தது; எந்தக் கணக்கில் பலர் தவறினார்கள் என்பது மறுநாள் வகுப்புக்கு முன் ஆசிரியர் கையில் இருந்தது. அந்த மாணவர்கள் கணக்கில் மற்றவர்களை முந்தினார்கள். அதிலும் முன்பு குறைவான மதிப்பெண் வாங்கியவர்களுக்கே பலன் அதிகம். நான் இதில் கவனிப்பது ஒன்றைத்தான்: தவறு அழிக்கப்படாமல், கற்பிப்பவரின் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. உங்கள் மகளின் பள்ளி ஆசிரியரிடம் வட்டமிட்ட இரண்டு தாள்களைக் கொடுத்தனுப்புங்கள். சுத்தமான நோட்டைப் பார்த்து முழு மதிப்பெண் போட்ட அவருக்கும் அவளது தவறு தெரிய வழி இருந்திருக்காது.

நேரடி வகுப்பு

ஒருவருக்கு ஒருவர் இணைய வகுப்பு பலன் தரும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. 2020இல் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் இத்தாலியில் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் தன்னார்வமாக இணையத்தில் பாடம் சொன்னார்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம், சில வாரங்கள் மட்டுமே. கற்றலில் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால் விற்பனையாளர் உங்களிடம் காட்டும் சோதனை வகுப்பு உண்மையான வகுப்பைப் போல இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சோதனை வகுப்பை எடுப்பவர் பிறகு உங்கள் மகளுக்கு வருவாரா என்பதே முதல் கேள்வி.

சில மாதங்களுக்கு முன் ஒரு பையனின் பெற்றோர் இப்படி ஒரு வகுப்பின் பதிவை என்னிடம் கொண்டுவந்தார்கள். நாற்பது நிமிடம். ஆசிரியர் அன்பானவர், தெளிவாகப் பேசினார், மின்பலகையில் பல நிறங்களில் அழகாக எழுதினார். முதல் இருபது நிமிடம் பையன் சொன்னது ‘புரிகிறது சார்’ என்பது மட்டும்தான். இருபத்திரண்டாம் நிமிடத்தில் அவனை ஒரு வரி எழுதச் சொன்னார். அவன் தயங்கிய நான்காவது விநாடியில் அவரே எழுதிவிட்டார். அந்தத் தயக்கத்தில்தான் பையனின் குழப்பம் வெளியே வந்திருக்க வேண்டும். அதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

உங்கள் மகளின் தேர்வுத் தாளைச் சோதனை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போங்கள். 29 வந்த கணக்கைக் காட்டி, ‘இதைச் சரிசெய்யுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘பார், மைனசும் மைனசும் சேர்ந்தால் பிளஸ்’ என்று உடனே சொல்லிவிட்டால் அவர் சாதாரண ஆசிரியர். நல்ல ஆசிரியர் முதலில் −2ஐயும் −5ஐயும் பெருக்கினால் என்ன என்று அவளிடம் கேட்பார். அவள் 10 என்று சரியாகச் சொல்லக்கூடும். சொன்னால், குறி விதி அவளுக்குத் தெரியும், அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் கழித்தல் உள்ளே இரண்டாம் உறுப்புக்கும் போகிறது என்பதுதான் பிடிபடவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். பிறகு x இல்லாமல் வெறும் எண்ணில் ஒன்று கொடுப்பார்: 20 − 2(8 − 5). அடைப்புக்குறிக்குள் 3, அதன் இரண்டு மடங்கு 6, விடை 14. அதையே அவள் தன் வழியில் பிரித்துப் போட்டால் 20 − 16 − 10, அதாவது −6. ஒரே கணக்குக்கு 14, −6 என்று இரண்டு விடைகள் எப்படி வந்தன என்று அவளையே கேட்டுவிட்டு, அவர் பேசாமல் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கலாம். இருபது நிமிடத்தில் உங்கள் மகள் எழுதிய வரிகளையும் ஆசிரியர் எழுதிய வரிகளையும் எண்ணிப் பாருங்கள். அவளுடையவை அதிகமாக இருக்க வேண்டும்.

கண்காணிப்பைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்காதவை சில உண்டு. வகுப்பு வீட்டின் பொது இடத்தில் நடக்க வேண்டும். பதிவு உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், அதை நிறுவனம் எத்தனை நாள் வைத்திருக்கும் என்று தெரிய வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் நீங்கள் வகுப்பில் நுழைந்து பார்க்க முடிய வேண்டும். ஆசிரியருக்கும் மகளுக்கும் இடையிலான பேச்சு முழுவதும் அந்தத் தளத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தனிப்பட்ட எண்ணோ தனிச் செய்தியோ கூடாது. ஆசிரியரின் முகம் தெரிய வேண்டும், ஆனால் உங்கள் மகளின் முகத்தைவிட அவள் எழுதும் தாள் கேமராவில் தெரிவதே பாடத்துக்கு உதவும். இவற்றில் ஒன்றுக்கு ‘எங்கள் விதிப்படி முடியாது’ என்று பதில் வந்தாலும், அந்த நிறுவனம் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை

அன்று பணம் கட்ட வேண்டாம். நான்கு வாரமும் ஞாயிறு ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த வாரப் பாடத்திலிருந்து மூன்று கணக்குகள், எண்கள் மாற்றியவை, வெற்றுத் தாள், கைப்பேசி இல்லை. விடைகளை நீங்களே சமன்பாட்டில் இட்டுச் சரிபார்த்து, மூன்றுக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மொத்தம் 12 கணக்குகள். என் அனுபவத்தில், 9 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆசிரியர் தேவையில்லை, இருக்கும் செயலிகளே போதும். 6க்குக் கீழே இருந்தால் நேரடி ஆசிரியர் நிச்சயம் உதவுவார். இடையில் வந்தால், வட்டமிட்ட தாள்களோடு பள்ளி ஆசிரியரைச் சந்தித்துவிட்டு இன்னும் இரண்டு வாரம் பாருங்கள். எண்களைப் படிப்பதிலோ எளிய கூட்டல் கழித்தலிலோ தொடர்ந்து தடுமாறுகிறாள் என்று இதற்கிடையில் தெரிந்தால், ஆசிரியரைத் தேடுவதற்கு முன் கற்றல் குறைபாட்டு மதிப்பீடு செய்யும் நிபுணரைப் பாருங்கள். தேர்வுத் தாளில் அப்படி எந்த அடையாளமும் எனக்குத் தெரியவில்லை.

நிறுவனத்திடம் இப்போதைக்கு மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள்: மாதச் சந்தா உண்டா? சோதனை வகுப்பு எடுத்த ஆசிரியரே தொடர்ந்து வருவாரா? இரண்டு மாதத்தில் நிறுத்தினால் மீதிப் பணம் எத்தனை நாளில் திரும்பும்? தொலைபேசியில் சொல்லும் பதிலை ஏற்க வேண்டாம், மின்னஞ்சலில் வரட்டும். நான்கு வாரம் கழித்து ஆசிரியர் தேவை என்று முடிவானால், அந்த மின்னஞ்சலையும் ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் எனக்கு அனுப்புங்கள். வாரத்துக்கு எத்தனை வகுப்பு, எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது என்று அவற்றை வைத்துச் சொல்கிறேன்.